வீட்டுத் தறியை ஆலை விழுங்கியது எப்படி? ஒரு கேள்வி

வைகைக்கரை | 3 மார்ச், இரவு 9:12

பையனுக்குத் தொழிற்புரட்சிப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜேம்ஸ் வாட் நீராவி எந்திரத்தை மேம்படுத்தினார், ஆலைகள் வந்தன, வீட்டில் நெய்துகொண்டிருந்தவர்கள் ஆலைக்கு வேலைக்குப் போனார்கள், மான்செஸ்டர் மாதிரி நகரங்கள் பெருத்தன. புத்தகத்தில் இவ்வளவுதான். அவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: "அந்த மிஷினை வீட்டிலேயே வாங்கி வெச்சு நெய்திருக்கலாமே, ஏன் ஆலைக்குப் போகணும்?" தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எழில்_78 | 3 மார்ச், இரவு 9:40

மிஷின் விலை அதிகம். ஏழைகளால் வாங்க முடியாது. அவ்வளவுதான். விசைத்தறி வந்ததும் கைத்தறிக் கூலி செத்துப்போச்சு, வேறு வழியில்லாமல் ஆலைக்குப் போனார்கள். நம் ஊரிலும் அதேதானே நடந்தது.

பாவடி | 4 மார்ச், காலை 6:05

கோவையில் நூல் மில்லில் நெடுங்காலம் ஸ்பின்னிங் பார்த்தவன். இப்போது மகள் வீடு இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட்டில் இருப்பதால் வருடத்தில் சில மாதம் லங்காஷயர் பக்கம் சுற்றுகிறேன். பையனின் கேள்வி நல்ல கேள்வி. புத்தகத்தில் இருக்கும் வரிசைதான் குழப்புகிறது.

முதலில் ஆலைக்குப் போனது நெசவு இல்லை, நூற்பு. இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய ஐம்பது வருடம் இருக்கிறது. அந்த ஐம்பது வருடத்தில் வீட்டு நெசவு அழியவில்லை, பெருகியது.

1760-ல் லங்காஷயரில் ஒரு நெசவுக் குடும்பத்தைப் பாருங்கள். ஆண் தறியில். மனைவியும் பெண் பிள்ளைகளும் ராட்டையில். சின்னப் பிள்ளைகள் பஞ்சைச் சிக்கெடுத்துக் கொடுப்பார்கள். ஒரு தறிக்கு ஓயாமல் நூல் கொடுக்க நாலைந்து பேர் நூற்க வேண்டும். வீட்டில் அத்தனை கை இல்லை. அதனால் தறிக்காரர் அக்கம்பக்கத்து வீடுகளில் நூல் கேட்டு அலைவார். ஜான் கே 1733-ல், தறியில் நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவை இழுத்துவிட்டால் ஓடும்படி செய்து கொண்டுவந்தபிறகு தறியின் வேகம் கூடி, நூல் பஞ்சம் இன்னும் மோசமானது. எல்லாரும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டது நூலுக்காகத்தான், துணிக்காக அல்ல.

ஹார்க்ரீவ்ஸின் ஜென்னி (1764 வாக்கில்) ஒருவர் கையால் சுற்றி ஒரே நேரத்தில் எட்டு இழை நூற்கும் எந்திரம். அது வீட்டுக்குள் வந்தது! அதாவது உங்கள் பையன் சொன்னது நிஜமாகவே நடந்தது. ஆயிரக்கணக்கான வீடுகளில் ஜென்னி ஓடியது. ஆனால் அதில் வருவது முறுக்குக் குறைந்த மென்மையான நூல். துணியில் குறுக்கே ஓடும் ஊடைக்கு ஆகும், தறியில் நீளவாக்கில் கட்டும் பாவுக்கு ஆகாது. இழுத்துக் கட்டினால் அறுந்துவிடும்.

பாவுக்கு ஆகும் முறுக்கான நூலைக் கொடுத்தது ஆர்க்ரைட்டின் எந்திரம். 1769-ல் காப்புரிமை, 1771-ல் டெர்பிஷயரில் கிராம்ஃபோர்டு என்ற சிற்றூரில் ஆலை. அது ஓடியது தண்ணீர்ச் சக்கரத்தில். நீராவி அதில் இல்லவே இல்லை. வாட்டின் எந்திரம் சுழல் இயக்கம் கொடுக்க ஆரம்பித்ததே 1780களில்தான்.

குமாரபாளையத்தான் | 4 மார்ச், காலை 10:31

பாவடி ஐயா, எங்க வீட்டுல இன்னிக்கும் விசைத்தறி ஓடுதுங்க. முன்னாடி கூடத்துல தறி, பின்னாடி சமையல். அப்பாரு காலத்துல குழித்தறி இருந்த அதே இடம். அப்ப மிஷின் வந்தா வீட்டை விட்டுப் போகணும்னு சட்டம் ஒண்ணும் இல்லைங்களே? கரண்டு வந்தப்புறம் மோட்டார் மாட்டினோம், அவ்வளவுதான். வெள்ளைக்காரன் ஏன் செய்யலை?

பாவடி | 4 மார்ச், மதியம் 1:20

தம்பி, விடையில் பாதி நீங்களே சொல்லிவிட்டீர்கள். கரண்டு.

மின்சார மோட்டாரைத் தறிக்கு ஒன்றாகப் பிரித்து மாட்டலாம். தண்ணீர்ச் சக்கரத்தைப் பிரிக்க முடியாது. சக்கரம் ஒரு தண்டைச் சுற்றும், அந்தத் தண்டிலிருந்து பெல்ட் போட்டு நூறு எந்திரம் ஓடும். விசை எங்கே இருக்கிறதோ அங்கேதான் எந்திரம் இருக்க வேண்டும். எந்திரம் எங்கேயோ, ஆள் அங்கே.

மான்செஸ்டருக்குத் தெற்கே ஸ்டைல் என்ற ஊரில் குவாரி பேங்க் ஆலை இருக்கிறது. சாமுவேல் கிரெக் 1784-ல் கட்டியது. இப்போது அருங்காட்சியகம், எந்திரங்களை ஓட்டிக் காட்டுகிறார்கள். மகள் கூட்டிப்போனாள். கீழே சக்கரம் திரும்பும்போது மாடித் தரை லேசாக அதிர்வது காலில் தெரிகிறது. மியூல் என்ற நூற்பு எந்திரத்தை ஓட்டினார்கள். நூலைச் சுற்றும் கதிர்கள் வரிசையாக உட்கார்ந்த ஒரு நீள வண்டி, தண்டவாளத்தில் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவாக வெளியே வரும். வரும்போது இழை நீண்டு முறுக்கேறும். திரும்ப உள்ளே போகும்போது நூல் கதிரில் சுற்றிக்கொள்ளும். வண்டி வெளியே வந்திருக்கும் அந்தச் சில நொடிகளுக்குள் ஒரு குழந்தை அடியில் ஊர்ந்துபோய்ப் பஞ்சுத் தூசியைக் கூட்டிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். இன்னொரு பிள்ளை அறுந்த இழைகளை விரலால் ஒட்டிக்கொண்டே வண்டியோடு நடக்க வேண்டும். நான் பார்த்த மில்லிலும் பெண்கள் நாள் முழுக்க இழை ஒட்டினார்கள். அந்த விரல் அசைவு அப்படியே அதேதான். அங்கே அதைச் செய்தது ஒன்பது பத்து வயசுப் பிள்ளைகள், ஒரு நாளைக்கு 12 மணி நேரம். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

அந்தப் பிள்ளைகள் யார்? பெரும்பாலும் அனாதை விடுதிகளிலிருந்து ஒப்பந்தம் போட்டுக் கொண்டுவரப்பட்டவர்கள். தண்ணீர் விழும் இடம் ஊரை விட்டுத் தள்ளி இருக்கும். அங்கே கூலிக்கு ஆள் கிடைக்காது. ஆலைக்குப் பக்கத்திலேயே அவர்களுக்குத் தங்கும் வீடு கட்டினார்கள், அது இன்னும் நிற்கிறது.

தேவகி | 4 மார்ச், இரவு 8:47

பொருளாதார வரலாறு நடத்துகிறேன். பாவடி ஐயா சொன்ன "விசையைப் பிரிக்க முடியாது" என்பது உண்மை, ஆனால் முழு விடை இல்லை.

ஆர்க்ரைட்டின் எந்திரத்தைச் சிறிதாகச் செய்து கையாலேயே சுற்றியிருக்க முடியும். அவர் உரிமம் கொடுத்ததைப் பாருங்கள்: ஆயிரம் கதிருக்குக் குறையாமல் போடுபவர்களுக்குத்தான் கொடுத்தார். சின்ன ஆட்கள் வைத்துக்கொண்டால் யார் திருட்டுத்தனமாக நகல் எடுக்கிறார்கள் என்று கண்காணிக்க முடியாதே! ஆக, பெரிய ஆலைதான் என்று தீர்மானித்ததில் எந்திரத்தோடு காப்புரிமையும் சேர்ந்துகொண்டது.

இன்னொன்று, வியாபாரிகளுக்கு வீட்டு வேலையில் இருந்த கோபம். பஞ்சைக் கொடுத்து நூலை வாங்குவார்கள், நூலைக் கொடுத்துத் துணியை வாங்குவார்கள். நடுவில் கொஞ்சம் காணாமல் போகும், எடை குறையாமலிருக்க ஈரமாக்கித் தருவார்கள். அதைவிட, நேரம். திங்கட்கிழமை யாரும் வேலை செய்யமாட்டார்கள். செவ்வாய் மெதுவாகத் தொடங்கி, வெள்ளி சனியில் ராவெல்லாம் கண்விழித்து முடிப்பார்கள். ஒரே கூரைக்குள் கொண்டுவந்தால் இரண்டும் ஒழியும். ஆலை என்பது கண்காணிப்புக்காக வந்ததா, விசைக்காக வந்ததா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

எழில்_78 | 4 மார்ச், இரவு 9:15

எப்படியோ, கடைசியில் விசைத்தறி வந்து கைத்தறி நெசவாளியைக் கொன்றது உண்மைதானே. கார்ட்ரைட் 1785-லேயே விசைத்தறி கண்டுபிடித்துவிட்டார்.

பாவடி | 5 மார்ச், காலை 5:50

எழில், கண்டுபிடித்தார், ஆனால் ஓடவில்லை. தறி ஓட்டியவர்களுக்கு ஏன் என்று புரியும். பாவுக்குக் கஞ்சி போட வேண்டும். அப்போது தறியிலேயே கொஞ்ச தூரம் நெய்து, நிறுத்தி, அடுத்த பாகத்துக்குக் கஞ்சி தடவி, காயவிட்டுத்தான் மேலே நெய்ய முடியும். விசைத்தறி பக்கத்தில் அதற்கு ஓர் ஆளை நிறுத்தினால் என்ன லாபம்? இழை அறுந்தால் கைத்தறிக்காரர் கை தன்னால் நின்றுவிடும். எந்திரம் அறுந்தது தெரியாமல் அடித்துக்கொண்டே போகும். 1803-04 வாக்கில் ஸ்டாக்போர்ட்டில் பாவுக்கு முன்கூட்டியே கஞ்சி போட்டுக் காயவைக்கும் எந்திரம் வந்தது. 1822-ல் ராபர்ட்ஸின் இரும்புத் தறி வந்தபிறகுதான் நம்பி ஓட்டக்கூடிய விசைத்தறி.

இப்போது இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரிட்டனில் 1813-ல் விசைத்தறி சுமார் 2,400. 1820-ல் 14,000 சொச்சம். அதே சமயம் கைத்தறிகள் சுமார் 2,40,000. போல்டன் ஊரில் கேம்ப்ரிக் என்ற மெல்லிய துணி நெய்தவரின் வாரக் கூலி 1805-ல் 25 ஷில்லிங். 1820-ல் 9 ஷில்லிங்.

கூலி செத்துப்போனபோது விசைத்தறி இன்னும் ஓரத்தில்தான் நின்றிருந்தது. அப்புறம் யார் கொன்றது?

குமாரபாளையத்தான் | 5 மார்ச், காலை 8:02

ஆள் சேர்ந்திருப்பாங்க. எங்க ஊர்லயும் அப்படித்தான். துணிக்கு நல்ல விலை ஓடின வருசத்துல ஆடு மேய்ச்சவனெல்லாம் தறி போட்டான். அடுத்த வருசம் கூலியைக் குறைச்சான் வியாபாரி, ஒருத்தன் மாட்டேன்னா பத்துப் பேர் நிக்கறான்.

பாவடி | 5 மார்ச், காலை 8:40

அதேதான் தம்பி. ஆலை நூல் கொட்டியது. 100ஆம் நம்பர் மெல்லிய நூல் ஒரு பவுண்டு எடை 1786-ல் 38 ஷில்லிங் விற்றது, 1807-ல் 7 ஷில்லிங்குக்கும் கீழே போய்விட்டது. நூல் மலிந்ததும் துணிக்கு ஆசைப்பட்டு எல்லாரும் தறி போட்டார்கள். சாதாரணத் துணி நெய்யக் கற்றுக்கொள்ள சில வாரம் போதும். பண்ணையாட்கள் வந்தார்கள், அயர்லாந்திலிருந்து வந்தார்கள், 1815-ல் நெப்போலியன் போர் முடிந்து சிப்பாய்கள் திரும்பி வந்தார்கள். கைத்தறியைப் பெருக்கியதும் நூல் ஆலை, அந்தப் பெருக்கத்தாலேயே அது நொறுங்கக் காரணமானதும் நூல் ஆலை. விசைத்தறி வந்தபோது ஏற்கெனவே விழுந்து கிடந்தவர்கள் மேல்தான் ஏறியது. 1830-ல் அதே போல்டன் கூலி ஐந்தரை ஷில்லிங்.

1826 ஏப்ரலில் பொறுக்க முடியாமல் பிளாக்பர்ன் சுற்றுவட்டாரத்தில் கிளம்பினார்கள். மூன்று நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விசைத்தறிகளை உடைத்தார்கள். சாட்டர்டன் என்ற ஊரில் படை சுட்டதில் ஆறு பேர் செத்தார்கள்.

வைகைக்கரை | 5 மார்ச், இரவு 10:20

அப்படியானால் அந்த நெசவாளிகள் எல்லாம் விசைத்தறி ஆலைக்குத்தானே போயிருக்க வேண்டும்? பையன் இதைக் கேட்பான்.

பாவடி | 6 மார்ச், காலை 6:15

போகவில்லை. எனக்கு இந்தக் கதையில் மனசை அறுக்கும் இடமே இதுதான். வேலை இடம் மாறியது, ஆனால் அதே ஆட்களோடு மாறவில்லை.

விசைத்தறிக்கு முதலாளிகள் எடுத்தது பெரும்பாலும் இளம் பெண்களை. நாற்பது வயசுக் கைத்தறிக்காரர் வேண்டாம். அவரும் போக விரும்பவில்லை. தன் வீடு, தன் தறி, தன் நேரம் என்று வாழ்ந்தவர் மணியடித்தால் உள்ளே போய் மணியடித்தால் வெளியே வரும் இடத்துக்கு எப்படிப் போவார்? மகள் ஆலைக்குப் போவாள், அப்பா வீட்டில் அரைக் கூலிக்கு நெய்துகொண்டிருப்பார். ஒரே கூரையின் கீழ் இரண்டு காலமும் இருந்தன. கைத்தறிக்காரர்கள் ஆலைக்குள் போய் முடியவில்லை, வயதாகி முடிந்தார்கள். பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கு வரவில்லை.

நூற்பிலும் அதே கதை, இன்னும் முன்பே. வீட்டில் ராட்டை சுற்றியது பெண்கள். இங்கிலாந்தின் தெற்கிலும் கிழக்கிலும் விவசாயக் கூலி வீடுகளில் கம்பளி நூற்ற காசில்தான் பெண்கள் அடுப்பெரித்தார்கள். அந்தப் பக்கம் ஆலையே வரவில்லை. நூற்பு வடக்கே எந்திரத்துக்குப் போனது, தெற்கே ராட்டை நின்றது, மாற்று வேலை கிடையாது. நம் கடற்கரையிலும் இந்த அடி விழுந்தது. லங்காஷயர் நூல் 1820களுக்குப் பிறகு மதராஸில் இறங்க இறங்க, தமிழ்நாட்டுக் கிராமங்களில் நூற்ற பெண்களின் வருமானம் போனது. நெசவாளி அந்த மலிவு நூலை வாங்கித் தறியைக் காப்பாற்றிக்கொண்டார். நூற்ற பெண்ணுக்குக் காப்பாற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை.

தேவகி | 6 மார்ச், மதியம் 12:10

நூற்பு ஏன் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்பதற்கு ஒரு கணக்கு: மெல்லிய நூலாக 100 பவுண்டு பஞ்சை நூற்க இந்தியக் கைராட்டைக்கு சுமார் 50,000 மணி நேரம் ஆகும் என்பார்கள். 1790களின் நடுவில் விசை சேர்ந்த மியூலில் 300 மணி நேரம். இந்த இடைவெளியை எந்தக் கைத்திறமையும் தாண்ட முடியாது. நெசவில் இடைவெளி அவ்வளவு இல்லை, அதனால்தான் நம் கைத்தறி இன்றுவரை நிற்கிறது.

பாவடி ஐயா, நகரத்தைப் பற்றிப் பேசவே இல்லையே?

பாவடி | 7 மார்ச், காலை 6:30

பேசாததற்குக் காரணம் இருக்கிறது. ஆலை வந்ததும் நகரம் பெருத்தது என்பது நேராக ஒட்டாது. கிராம்ஃபோர்டு இன்றும் சிற்றூர்தான். தண்ணீர்ச் சக்கரம் இருந்தவரை ஆலைகள் பள்ளத்தாக்குகளில் சிதறித்தான் இருந்தன. ஒரு ஓடையில் ஓரளவுக்கு மேல் ஆலை வைக்க முடியாது, கோடையில் தண்ணீர் குறையும்.

நகரத்தைச் செய்தது நிலக்கரியும் கால்வாயும். வொர்ஸ்லி சுரங்கத்திலிருந்து மான்செஸ்டருக்கு 1761-லேயே கால்வாய் வந்து நிலக்கரி விலை பாதியாகியிருந்தது. வாட்டின் எந்திரம் சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும், தண்ணீரைத் தேடி ஆலை போக வேண்டியதில்லை. ஆள் இருக்கும் இடத்துக்கு ஆலை வரலாம். அனாதைப் பிள்ளைகளைக் கட்டி இழுத்துவர வேண்டிய அவசியம் குறைந்ததும் அதனால்தான். நகரத்தில் பிள்ளைகளோடு குடும்பமே வந்து நிற்கிறதே!

ஆன்கோட்ஸ் பகுதியில் நடந்திருக்கிறேன். 1798-ல் தொடங்கிய மர்ரே ஆலை, பக்கத்தில் ரோச்டேல் கால்வாய். செங்கல் சுவர் எட்டு மாடிக்கு நேராக எழுந்து நிற்கிறது. இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு. அந்தச் சுவரை ஒட்டித்தான் ஆளைக் குடிவைத்தார்கள். பேருந்து இல்லை, ரயில் இல்லை, விடிகாலை மணி அடிப்பதற்குள் நடந்து வந்துவிட வேண்டும். அதனால் ஆலைக்கும் வீட்டுக்கும் நடுவே இடம் விட முடியவில்லை. முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள், பின் வாசல் கிடையாது, பின் ஜன்னல் கிடையாது. நிலவறைகளில் குடும்பங்கள்.

நிலவறை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிராமத்துக் கைத்தறி வீட்டிலும் தறி பெரும்பாலும் நிலவறையில்தான் இருந்தது. அது வறுமையால் அல்ல. பருத்திப் பாவு காய்ந்தால் அறும், ஈரம் வேண்டும், நம் குழித்தறிக்கும் அதுதானே காரணம். அங்கே ஈரம் தறிக்கு. நகரத்தில் அதே ஈரத்தில் மனுசன் படுத்தான்.

1801-ல் மான்செஸ்டரில் சுமார் 75,000 பேர். 1851-ல் மூன்று லட்சம். இவ்வளவு பேருக்கும் ஒரு நகராட்சியே 1838 வரை கிடையாது. 1832 வரை நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை. கழிவை யார் அள்ளுவது, தண்ணீர் யார் கொடுப்பது என்று கேட்க ஆளில்லை. 1832-ல் காலரா வந்தது. 1842-ல் தொழிலாளர் சுகாதாரம் பற்றி எட்வின் சாட்விக்கின் அறிக்கை: மான்செஸ்டர் தொழிலாளர் குடும்பங்களில் இறப்பவர்களின் சராசரி வயது 17. ரட்லண்ட் என்ற விவசாய மாவட்டத்தில் கூலியாட்களுக்கு 38.

எழில்_78 | 7 மார்ச், காலை 9:55

17 வயசில் எல்லாரும் செத்துப்போனார்களா? அப்படியென்றால் ஆலையில் யார் வேலை செய்தது?

தேவகி | 7 மார்ச், காலை 10:30

அது இறந்தவர்களின் சராசரி. ஐந்து வயதுக்குள் செத்த குழந்தைகள் அத்தனை பேர் என்பதால்தான் அந்த எண் அவ்வளவு கீழே. நகரத்தில் இளம் குடும்பங்கள் அதிகம், பிறப்பும் அதிகம், அதுவும் சராசரியை இன்னும் இழுக்கும். கிராமத்தோடு இதை அப்படியே ஒப்பிடுவதில் சிக்கல் உண்டு. ஆனால் குழந்தைகள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள் என்பதில் சிக்கல் இல்லை.

பாவடி | 7 மார்ச், இரவு 7:05

தேவகி அம்மா சொன்னது சரி. நான் அதோடு சேர்ப்பது, இது யாரும் தொட முடியாத விதியாக இருக்கவில்லை. 1844-ல் மான்செஸ்டரில் புதிதாகக் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் கழிப்பிடம் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது, முதுகொட்டு வீடு கட்டுவது நின்றது. 1848-ல் லாங்டென்டேல் பள்ளத்தாக்கில் நீர்த்தேக்கம் கட்டத் தொடங்கினார்கள். நாற்பது வருடம் முன்னால் செய்திருக்கலாம். நகராட்சி இல்லாததால் செய்யவில்லை. அந்த நாற்பது வருடத்துக் குழந்தைகளை எந்திரத்தின் கணக்கில் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

குமாரபாளையத்தான் | 8 மார்ச், காலை 7:44

எல்லாம் சரிங்க ஐயா, பையன் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை. நீராவியை வீட்டுக்குக் கொண்டுவர யாருமே முயற்சி பண்ணலையா?

தேவகி | 8 மார்ச், இரவு 9:30

பண்ணினார்கள். கவென்ட்ரி நகரத்தில், பட்டு ரிப்பன் நெசவில். வரிசையாக வீடுகள் கட்டி, ஓரத்தில் ஒரு நீராவி எந்திரம் வைத்து, எல்லா வீட்டு மேல்மாடி வழியாகவும் ஒரே தண்டை ஓட்டினார்கள். கீழே குடித்தனம், மேலே தறி. கேஷ் சகோதரர்கள் 1857-ல் கட்டியதில் 48 வீடுகள், நூறு கட்டத் திட்டம். நெசவாளி வீட்டை விட்டு இறங்காமல் விசைத்தறி ஓட்டினார். ஆக, விசையைப் பிரிக்க முடிந்தது.

ஆனால் 1860-ல் பிரான்சோடு வணிக ஒப்பந்தம் வந்து பிரெஞ்சு ரிப்பன் வரியில்லாமல் இறங்கியதும் கவென்ட்ரி தொழிலே சரிந்தது. கேஷ் வீடுகளில் பின்னால் மேல்மாடித் தடுப்புகளை எடுத்துவிட்டு ஒரே நீள ஆலையாக்கிவிட்டார்கள். இறக்குமதி இல்லாமலிருந்தால் அந்த ஏற்பாடு நிலைத்திருக்குமா என்று வகுப்பில் கேட்டால் இரண்டு பக்கமும் வாதம் வரும்.

பாவடி | 9 மார்ச், காலை 6:00

நிலைத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அந்த எந்திரம் ஓடும் நேரத்துக்குத்தான் தறியும் ஓடும். கொதிகலனில் நெருப்பு அணைந்தால் நெசவாளி உட்கார்ந்திருக்க வேண்டும், எரிந்தால் தறியில் இருக்க வேண்டும். வீடு அவருடையதாக இருந்தாலும் நேரம் அவருடையது இல்லை. விசைக்கு வாடகையும் கட்டியாக வேண்டும்.

குமாரபாளையம் தம்பி, உங்கள் கூடத்துத் தறியில் பவர் கட் ஆனால் என்ன செய்கிறீர்கள்? கூலியைக் கணக்கிடுவது மீட்டருக்கா, நேரத்துக்கா?

குமாரபாளையத்தான் | 9 மார்ச், காலை 9:18

மீட்டருக்குத்தாங்க. கரண்டு போனா உக்காந்திருக்கோம், வந்தா ராத்திரி ரெண்டு மணின்னாலும் எந்திரிச்சு ஓட்டறோம். நூலும் பாவும் முதலாளியோடது. தறியும் கரண்டு பில்லும்தான் எங்களோடது.

வைகைக்கரை | 9 மார்ச், இரவு 8:50

பையனிடம் இந்த இழையை அப்படியே படித்துக் காட்டினேன். இப்போது புதுக் கேள்வி: கவென்ட்ரியில் அந்தத் தண்டு ஒரு வீட்டில் உடைந்தால் மற்ற வீடுகளிலும் தறி நிற்குமா, அந்த நாள் கூலியை யார் கொடுப்பார்கள் என்று கேட்கிறான். தேவகி அம்மா, தெரிந்தால் சொல்லுங்கள்.

தேவகி | 9 மார்ச், இரவு 10:05

தண்டு ஒன்று என்பதால் உடைந்த இடத்துக்கு அப்பால் இருக்கும் வீடுகள் எல்லாம் நிற்கும். ரிப்பன் நெசவில் கூலி நெய்த அளவுக்கு என்பதால் நின்ற நேரம் நெசவாளி தலையில்தான். அந்த ஊர் நெசவாளிகள் பல வருடம் போராடியதே இந்தக் கூலிப் பட்டியலுக்காக. பையனை எந்தப் பள்ளியில் படித்தாலும் வரலாறு எடுக்கச் சொல்லுங்கள்.